சட்டையில் உள்ள எழுத்தை எடுக்கலாம், மடிப்பும் துணியும் அப்படியே இருக்கட்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிடுவார். காரியத்துக்கு முன் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் படம் போட்டுச் சட்டம் மாட்ட வேண்டும். தேடிப் பார்த்தால் முகம் நன்றாக விழுந்த படம் ஒன்றே ஒன்று இருக்கும். ஒகேனக்கல் போனபோது போனில் எடுத்தது. அதில் அவர் போட்டிருப்பது மாங்கூழ் கம்பெனியில் கொடுத்த மஞ்சள் டி-சர்ட். நெஞ்சின் குறுக்கே சிவப்பில், ‘தரமே நம் பெருமை’ என்று நாலு சென்டிமீட்டர் உயரத்தில் எழுத்து. "அண்ணா, அப்பா முகம் இதுலதான் நல்லா இருக்குது. அந்த எழுத்த மட்டும் எடுத்துக் குடுங்க" என்று மகன் கேட்பார்.

புதிதாகப் படிப்பவர்கள் உடனே ஃபோட்டோஷாப்பின் க்ளோன் ஸ்டாம்ப்பை எடுத்துப் பக்கத்துத் துணியை எழுத்தின் மேல் பூசத் தொடங்குவார்கள். பத்து நிமிடத்தில் எழுத்து போய்விடும், கூடவே எழுத்தின் மேல் ஓடிய மடிப்பும் போய்விடும். நெஞ்சின் நடுவில் இஸ்திரி போட்ட மாதிரி ஒரு தட்டையான திட்டு நிற்கும். மேலிருந்து வரும் மடிப்பு அந்தத் திட்டின் விளிம்பில் அறுந்து, கீழே மறுபடியும் முளைக்கும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் அங்கேயே போய் நிற்கும்.

எழுத்தின் அடியில் மடிப்பு அழிந்து கிடக்கவில்லை என்பதுதான் இதில் முதலில் புரிய வேண்டிய விஷயம். பெரும்பாலான படங்களில் அது எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. நாம் அதை வரையவோ வேறிடத்திலிருந்து கொண்டுவரவோ தேவையில்லை. எழுத்தின் நிறத்தை மட்டும் பிரித்து எடுத்தால் போதும்.

எழுத்துக்குள் மடிப்பு எப்படி ஒளிந்திருக்கிறது

படத்தில் ஒரு புள்ளியின் நிறம் இரண்டு பொருள்களின் பெருக்கல். ஒன்று, அந்த இடத்துத் துணியோ மையோ எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது. மற்றொன்று, அந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது. மடிப்பு என்பது இந்த இரண்டாவது சங்கதிதான். மடிப்பின் மேட்டில் வெளிச்சம் கூடுதல், பள்ளத்தில் குறைவு. மஞ்சள் துணியானாலும் சிவப்பு மையானாலும் அதே மேடு, அதே பள்ளம். எழுத்தின் மேல் மடிப்பு ஓடும்போது அந்த இடத்துச் சிவப்பும் கருஞ்சிவப்பாக மாறுவதை நெருங்கிப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தது சேனல்கள். டிஜிட்டல் படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் அடுக்கு. மஞ்சள் துணி சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் நன்றாகத் திருப்பி அனுப்பும், நீலத்தை விழுங்கிவிடும். சிவப்பு மை சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பி மற்ற இரண்டையும் விழுங்கும். அப்படியானால் சிவப்புச் சேனலில் துணியும் வெளிச்சம், மையும் வெளிச்சம். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. ஃபோட்டோஷாப்பில் Channels பேனலைத் திறந்து Red என்பதை மட்டும் சொடுக்கினால், ‘தரமே நம் பெருமை’ கிட்டத்தட்ட மறைந்துபோய் மடிப்புகள் மட்டும் தொடர்ச்சியாக ஓடுவது தெரியும். Green சேனலில் எழுத்து கறுப்பாக நிற்கும். Blue சேனலில் துணி, எழுத்து எல்லாமே இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கும்.

இந்த வேலையை எந்தப் படத்துக்குச் செய்தாலும் முதல் படி இதுதான். மூன்று சேனல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எழுத்து எதில் மிக மங்கலாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். துணியின் நிறமும் மையின் நிறமும் எந்தச் சேனலில் இரண்டுமே வெளிச்சமாக இருக்கின்றனவோ, அதுதான் நமக்கு வேண்டியது. வெள்ளைச் சட்டையில் சிவப்பு எழுத்து என்றால் சிவப்புச் சேனல். வெள்ளையில் நீல எழுத்து என்றாலோ, நீலச் சட்டையில் வெள்ளை எழுத்து என்றாலோ நீலச் சேனல். வெள்ளையில் மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பும் பச்சையும் இரண்டுமே உதவும்.

தொடங்கும் முன் படத்தைப் பரிசோதிப்பது

படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்திருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். 4000 பிக்சல் நீளமாக இருந்த படம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கி, மேலும் ஒருமுறை அமுக்கப்பட்டு வந்திருக்கும். "டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும். போனைக் கையோடு கொண்டுவரச் சொல்லிக் கேபிளில் ஏற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

பிக்சல் எண்ணிக்கையை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் துணியின் இழை. டி-சர்ட் நெய்த துணி அல்ல, பின்னிய துணி. திருப்பூர்க்காரர்கள் பனியன் துணி என்று சொல்வது. அதில் சிறு சிறு கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்து வரிசைகளாக நிற்கும். வழக்கமான டி-சர்ட்டில் சென்டிமீட்டருக்குப் பத்து வரிசைக்கு மேல் இருக்கும். நெஞ்சின் அகலம் அரை மீட்டர் என்று வைத்தால் ஐந்நூறு வரிசைக்கு மேல். ஒரு வரிசை படத்தில் தெரியக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆகவே படத்தில் நெஞ்சின் அகலம் ஆயிரம் பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் நீங்கள் காண்பது இழையே அல்ல, கேமராவின் புள்ளி இரைச்சல். அந்தப் படத்தில் இழையைக் காப்பாற்றுகிறேன் என்று மெனக்கெடுவது வீண். இரைச்சல் ஒரே சீராக இருந்தால் போதும். நம் உதாரணப் படத்தில் நெஞ்சு 1400 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு 28 பிக்சல். இழை அரைகுறையாகத் தெரியும், எழுத்தின் ஒரு கோடு சுமார் 30 பிக்சல் தடிமன்.

இன்னொரு பரிசோதனை உண்டு. Info பேனலைத் திறந்துவைத்து, எழுத்தின் மேலும் பக்கத்துத் துணியின் மேலும் மவுஸை மெதுவாக ஓட்டுங்கள். R என்ற எண்ணைப் பாருங்கள். வெயிலில் எடுத்த மஞ்சள் துணியில் சிவப்புச் சேனல் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். எங்கே வைத்தாலும் R 255 என்றே காட்டினால் அந்த இடத்தில் மடிப்பின் தகவல் பதிவாகவே இல்லை, இந்த வழி உதவாது. 250-க்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வழி திறந்திருக்கிறது. அருவிக்கரையில் வெட்ட வெளியில் எடுத்ததைவிட, மீன் வறுக்கும் கடையின் கூரை நிழலில் எடுத்த படம் இந்த வேலைக்கு நல்லது.

நிறத்தை மாற்றுவது

இப்போது திட்டம் எளிது. எழுத்து இருக்கும் பகுதியில் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சட்டையின் மஞ்சளை மறுபடியும் ஊட்ட வேண்டும்.

முதலில் மஞ்சளை அளந்துகொள்ளுங்கள். ஐட்ராப்பரில் Sample Size என்பதை 11 by 11 Average என்று வையுங்கள். ஒற்றைப் பிக்சலை எடுத்தால் இரைச்சல் புள்ளி ஒன்று மாட்டி நிறம் தவறிவிடும். எழுத்துக்கு அருகிலேயே, ஆனால் எழுத்தைத் தொடாமல், வெளிச்சமான துணி, நடுத்தரம், மடிப்பின் பள்ளம் என மூன்று இடங்களைச் சொடுக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
வெளிச்சம்   R 236  G 190  B 62
நடு         R 200  G 156  B 46
பள்ளம்      R 150  G 112  B 30
```

பளீரென்ற இடத்தில் ஒரு நிறத்தை எடுத்து அதையே இருட்டாக்கினால் போதாதா என்று தோன்றும். போதாது. வெளியில் எடுத்த படத்தில் பள்ளத்துக்குள் நேர் வெயில் போகாது. அங்கே வானத்தின் நீல வெளிச்சமோ, பக்கத்து மரத்தின் பச்சையோ, எதிர் மடிப்பிலிருந்து தெறித்த மஞ்சளோதான் விழும். அதனால் நிழலின் நிறச் சாயல் வெளிச்சத்தின் சாயலிலிருந்து கொஞ்சம் விலகியே இருக்கும். நிழலின் நிறத்தை நிழலிலேயே எடுக்க வேண்டும்.

படத்தின் மேல் ஒரு குரூப் உருவாக்குங்கள். அதற்குள் முதலில் ஒரு Channel Mixer சரிசெய்லேயர். Monochrome-ஐ டிக் செய்தால் அது தானாக மூன்று சேனல்களையும் கலந்துவிடும். அதை மாற்றி Red 100, Green 0, Blue 0 என்று வையுங்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகும், எழுத்து மங்கும். அதற்கு மேல் ஒரு Gradient Map. இதன் வேலை, சாம்பலின் ஒவ்வொரு அளவுக்கும் நாம் சொல்லும் நிறத்தைக் கொடுப்பது. இதன் Method-ஐ Classic என்று வைத்து, கிரேடியண்ட்டில் மூன்று நிறங்களையும் அவற்றின் R மதிப்புக்கு உரிய இடத்தில் நட வேண்டும். இடத்தைக் கணக்கிட R-ஐ 255-ஆல் வகுத்துச் சதவீதமாக்கினால் போதும். 150 என்றால் 59%, 200 என்றால் 78%, 236 என்றால் 93%. இடது முனை கறுப்பு. வலது முனை, வெளிச்ச நிறத்தைவிட ஒரு படி வெளிறிய மஞ்சள்.

சரியாக நட்டிருந்தால் படத்தில் சட்டை பழைய நிறத்திலேயே இருக்கும், எழுத்து மட்டும் கரைந்திருக்கும். முகமும் கையும் பின்னணியும் பழுத்த பெங்களூரா மாம்பழ நிறத்தில் நிற்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். குரூப்புக்கு ஒரு கறுப்பு மாஸ்க் போட்டு, எழுத்து வரி முழுவதையும் சுற்றி லாசோவில் வளைத்து, Feather 8 கொடுத்து, அந்த இடத்தை மட்டும் மாஸ்க்கில் வெள்ளையாக்குங்கள்.

இங்கே இரண்டு கவனம். மாஸ்க்கை ஒவ்வொரு எழுத்தின் விளிம்போடு ஒட்டி வெட்ட வேண்டாம். எழுத்திலிருந்து இருபது பிக்சலாவது தள்ளி, வரியைத் தளர்வாக வளைத்தால் இணைப்பு வெறும் துணியில் விழும். நாம் போட்ட மஞ்சளும் அசல் மஞ்சளும் ஒரே அளவு என்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வளைத்த இடத்துக்குள் பட்டன், பேனா, துண்டு, விரல் எதுவும் வரக்கூடாது. வந்தால் அதுவும் மஞ்சளாகும். அடுத்தது, குரூப்பின் மோடு Pass Through என்றே இருக்க வேண்டும். Normal என்று மாறிவிட்டால் உள்ளே இருக்கும் சரிசெய்லேயர்கள் கீழே உள்ள படத்தைத் தொடாது, எழுத்து அப்படியே திரும்பி வரும். "எல்லாம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

பேய் எழுத்து

இப்போது படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். எழுத்து போயிருக்கும், ஆனால் போன இடத்தில் அதன் நிழல் போல ஒன்று தங்கியிருக்கும். சிவப்பு மை சிவப்பு ஒளியையும் துணி அளவுக்கு முழுதாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பதே காரணம். உதாரணமாக, துணியில் R 236 இருக்கும் இடத்தை ஒட்டிய எழுத்துக்குள் R 212 என்று இருக்கலாம்.

இந்த 24 எண் வித்தியாசத்தைக் கூட்டிச் சரிசெய்யக்கூடாது. வெளிச்சமான இடத்தில் 24 கூட்டினால் பொருந்தும். பள்ளத்தில் அதே 24 கூட்டினால் அதிகமாகி, மடிப்புக்குள் எழுத்து வெளிறித் தெரியும். மேலே சொன்ன பெருக்கலை நினைவில் கொள்ளுங்கள். வித்தியாசம் விகிதமாகத்தான் இருக்கும். விகிதத்தைச் சரிசெய்ய Levels போதும். அதில் வலப்பக்க வெள்ளை ஸ்லைடரின் மதிப்பு இப்படி:

```
255 × 212 ÷ 236 = 229
```

Channel Mixer-க்கு மேலே, Gradient Map-க்குக் கீழே ஒரு Levels லேயர் வைத்து, வெள்ளை ஸ்லைடரை 229-க்குக் கொண்டுவாருங்கள். 212 என்பது 236 ஆகும். பள்ளத்தில் 135 என்று இருந்தது 150 ஆகும். ஒரே எண் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். பொருந்தவில்லை என்றால், அதாவது வெளிச்சத்தில் சரியாகிப் பள்ளத்தில் தவறினால், மை பளபளப்பாக இருக்கிறது என்று பொருள். பளபளப்பு பெருக்கலில் வராது, மேலே கூடுதலாக வந்து உட்காரும். அப்போது நடு ஸ்லைடரைச் சிறிது அசைத்து ஒரு சமரசத்துக்கு வர வேண்டும்.

இந்த Levels-இன் மாஸ்க்தான் எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டியது. குரூப்பை ஒரு நிமிடம் மறைத்துவிட்டு, Select > Color Range சென்று சிவப்பைச் சொடுக்கினால் எழுத்துகள் தேர்வாகும். Feather 1 கொடுத்து மாஸ்க்காக்குங்கள். தமிழ் எழுத்தில் புள்ளிகளைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ‘ம்’ மேலுள்ள புள்ளி மடிப்புக்குள் விழுந்திருந்தால் அதன் சிவப்பு இருண்டு, Color Range கண்ணில் படாமல் தப்பிவிடும். ‘மே’, ‘பெ’ போன்றவற்றின் கொம்புச் சுழியின் உள்வட்டம் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்பில் மிஞ்சும் இரட்டைக் கோடு

இத்தனையும் செய்த பிறகு நூறு சதவீத அளவில் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தின் விளிம்பைச் சுற்றியும் மெல்லிய இரட்டைக் கோடு தெரியும். வெளிப்பக்கம் வெளிறிய கோடு, உட்பக்கம் கறுத்த கோடு. நம் மாஸ்க் தவறிவிட்டது என்று எண்ணி மாஸ்க்கைத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். அது போகாது, ஏனென்றால் தவறு மாஸ்க்கில் இல்லை.

போன் சேமிக்கும் JPEG படத்தில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாகப் பதியும். நிறமோ பெரும்பாலும் நாலு பிக்சலுக்கு ஒருமுறைதான் பதியும். எழுத்தின் விளிம்பில் வெளிச்சம் சட்டென்று மாறும், நிறம் மட்டும் இரண்டு பிக்சல் வழிந்து பரவும். சிவப்புச் சேனல் இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது. ஆகவே எழுத்துக்கு வெளியே, மஞ்சளின் முழு வெளிச்சத்தோடு சிவப்பின் சாயலும் சேர்ந்து R கூடிவிடும். எழுத்துக்கு உள்ளே, மையின் குறைந்த வெளிச்சத்தோடு சிவப்புச் சாயலும் வெளியேறி R குறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுருங்கிவந்த படத்தில் இது இன்னும் தடித்து நிற்கும்.

இதை அழிப்பதும் இழையை மீட்பதும் ஒரே வேலை, அதனால் சேர்த்தே பார்ப்போம்.

இழையை மீட்பது

மை துணியில் எப்படி ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இழை மிஞ்சியிருக்கும். பிக்மென்ட் பிரிண்ட் என்றால் மை நூலுக்குள் ஊறியிருக்கும், கண்ணிகள் மேலே தெரியும். அப்படியானால் சிவப்புச் சேனலிலேயே இழை வந்திருக்கும், விளிம்புக் கோட்டை மட்டும் சரிசெய்தால் போதும். ரப்பர் பிரிண்ட், பிளாஸ்டிசால், சூடுவைத்து ஒட்டிய ஸ்டிக்கர் என்றால் மை துணியின் மேல் தனிப் படலமாக உட்கார்ந்திருக்கும். கண்ணிகளின் இடைவெளியை அது மூடிவிடும். அங்கே மடிப்பு இருக்கும், இழை இருக்காது. எழுத்து போன இடத்தில் மட்டும் துணி மெழுகு பூசியது போல வழுவழுவென்று தெரியும். நிறம் துல்லியமாகப் பொருந்தியும் ஏதோ தவறாகத் தெரிகிறது என்றால் இதுதான்.

அதற்கு, படத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறோம். அடி அடுக்கில் மடிப்பும் நிழலும் நிறமும், மேல் அடுக்கில் இழையும் நுணுக்கமும். Ctrl+Alt+Shift+E அழுத்தினால் இதுவரை செய்ததெல்லாம் சேர்ந்து ஒரு லேயராகும். அதை நகலெடுத்து இரண்டாக்குங்கள். கீழே உள்ளதற்கு ‘அடி’ என்றும் மேலே உள்ளதற்கு ‘இழை’ என்றும் பெயர் வையுங்கள்.

‘அடி’ லேயரில் Filter > Blur > Gaussian Blur. ரேடியஸைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். இழை மறைந்து மடிப்பு மட்டும் நிற்கும் இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். நம் படத்துக்கு 5 பிக்சல் போதும். இதை 15, 20 என்று வைத்தால் சின்னச் சுருக்கங்களும் ‘இழை’ லேயருக்குப் போய்விடும். பிறகு இழையை நகலெடுக்கும்போது வேறிடத்துச் சுருக்கமும் ஒட்டிக்கொண்டு வரும்.

‘இழை’ லேயரில் Image > Apply Image. 8 பிட் படமானால் அளவுகள் இவை:

```
Layer: அடி
Channel: RGB
Blending: Subtract
Scale: 2
Offset: 128
```

பிறகு ‘இழை’ லேயரின் மோடை Linear Light ஆக்குங்கள். படம் பழையபடி ஆகிவிட வேண்டும். சாம்பலடித்தோ கரடுமுரடாகவோ தெரிந்தால் மேலே ஏதோ ஓர் எண் தவறியிருக்கிறது, அல்லது படம் 16 பிட். 16 பிட்டுக்கு Add, Invert டிக், Scale 2, Offset 0 என்று வைக்க வேண்டும்.

‘இழை’ லேயரை மட்டும் Normal மோடில் தனியாகப் பார்த்தால் சாம்பல் நிறத் துணியும், அதில் செதுக்கியது போல எழுத்தின் விளிம்புக் கோடுகளும், கோடுகளுக்கு உள்ளே இழையில்லாத வழுக்கையும் தெரியும். மோடைத் திரும்ப Linear Light ஆக்கிவிட்டு, க்ளோன் ஸ்டாம்ப்பை எடுத்து Sample: Current Layer என்று வைத்து, இழை உள்ள இடத்தில் Alt அழுத்தி எடுத்து, எழுத்தின் மேல் பூசுங்கள். அடியில் மடிப்பு பத்திரமாக இருப்பதால் இங்கே எவ்வளவு பூசினாலும் மடிப்புக்குச் சேதமில்லை. நிறமும் மாறாது. இந்தப் பிரிப்பின் பயனே அதுதான்.

பிரஷ்ஷின் Opacity, Flow இரண்டும் 100 ஆக இருக்கட்டும். தோல் திருத்திப் பழகியவர்கள் 30, 40 என்று வைத்து மெல்லப் பூசுவார்கள். இழைக்கு அது ஆகாது. பாதி Opacity-யில் இரண்டு இழைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் மழுங்கும். ஒரு முறை, முழுதாக. Hardness 60 சுற்றி.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. பனியன் துணியின் கண்ணி வரிசை மடிப்போடு வளைந்து ஓடும். நெஞ்சின் வலப்புறம் சாய்ந்து ஓடும் வரிசையை இடப்புறத்தில் கொண்டுவந்து ஒட்டினால், இழை இருந்தும் துணி ஒட்டுப்போட்டது போலத் தெரியும். ஒரு எழுத்துக்கு வேண்டிய இழையை அந்த எழுத்துக்கு நேர் மேலிருந்தோ நேர் கீழிருந்தோ, அதே மடிப்பின் ஓட்டத்தில் எடுங்கள். மடிப்பு திரும்பும் இடத்தில் Clone Source பேனலில் கோணத்தை ஐந்து, பத்து டிகிரி திருப்பிக்கொள்ளலாம். நிழலான பள்ளத்துக்கு நிழலிலிருந்தே எடுங்கள், ஏனென்றால் நிழலில் இழை மங்கலாகவும் இரைச்சல் கூடுதலாகவும் இருக்கும். வயிற்றுப் பக்கம் கேமராவின் கூர்மையிலிருந்து விலகியிருந்தால் அங்கிருந்து எடுத்தது நெஞ்சுக்குப் பொருந்தாது. ஒரே இடத்திலிருந்து மூன்று எழுத்துக்கு எடுத்தால் அங்குள்ள ஒரு நூல் முடிச்சு மூன்று முறை வரிசையாக வந்து நிற்கும்.

ஜிம்ப் பயன்படுத்துவோருக்கு Colors > Components > Mono Mixer, Colors > Map > Gradient Map, Filters > Enhance > Wavelet Decompose ஆகிய மூன்றும் இதே வேலையைச் செய்யும். கடைசியாகச் சொன்னது படத்தை இரண்டாக அல்லாமல் பல அடுக்காகப் பிரிக்கும். இழை மேலடுக்குகள் இரண்டு மூன்றில் பரவியிருக்கும்.

எந்தச் சேனலும் உதவாதபோது

வெள்ளைச் சட்டையில் கறுப்பு எழுத்து, கறுப்புச் சட்டையில் வெள்ளை எழுத்து இரண்டுக்கும் மேலே சொன்ன சேனல் வழி பலிக்காது. கறுப்பு மை மூன்று நிறத்தையும் விழுங்கிவிடுகிறது. அதற்குள் மடிப்பு இருந்தாலும் ஐந்தாறு எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கும். அதை இழுத்து வெளிச்சமாக்கினால் மடிப்பைவிட JPEG-இன் கட்டங்கள்தான் முன்னே வரும். அப்போது எழுத்தின் தடிமனைப் பாருங்கள். கோடு மெல்லியதாக இருந்து, எழுத்துகளுக்கு இடையில் வெறும் துணி தெரிந்தால் பயமில்லை. இரு கரையிலும் மடிப்பு தெரிகிறது, நடுவில் பாலம் போட்டால் போதும். ஹீலிங் பிரஷ்ஷை எடுத்து, கோட்டைவிடச் சற்றே பெரிய அளவில், மடிப்பு ஓடும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே இழுத்தால் மடிப்பு அறுபடும். உள்ளங்கை அகலத்துக்கு நிரப்பி அடித்த வட்டச் சின்னம் என்றால் உள்ளே மடிப்பை வரையத்தான் வேண்டும். ‘அடி’ லேயரில் சின்னத்தின் மேலும் கீழும் தெரியும் மடிப்பின் முனைகளைப் பார்த்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால் வெளிச்சத்தையும் நிழலையும் இணைத்து, பிறகு இழையைப் பூச வேண்டும். அந்த மாதிரிப் படத்துக்கு, எழுத்தை எடுப்பதைவிட நெஞ்சுக்கு மேலே வெட்டிக்கொள்ள முடியுமா என்று முதலில் கேட்பது நியாயம்.

அச்சுக்குப் போகும் முன்

நெடுநேரம் ஒரே இடத்தைப் பார்த்த கண் பேய் எழுத்தைப் பார்க்காது. அதற்கு ஒரு வழி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் வைத்து, கோட்டை S வடிவில் செங்குத்தாக வளைப்பது. சட்டை கோரமாகத் தெரியும், ஆனால் இரண்டு மூன்று எண் வித்தியாசமும் அதில் திட்டாக எழுந்து நிற்கும். ‘பெருமை’யின் ஏதாவதொரு வளைவு அங்கே தெரிந்தால், ‘அடி’ லேயரில் அந்த இடத்தை லாசோவில் வளைத்து, Feather 15 கொடுத்து, Levels-இல் ஒரு சிறு தள்ளு. பிறகு Curves லேயரை நீக்கிவிடுங்கள். மூன்று சேனல்களையும் மறுபடி தனித்தனியாகப் பார்ப்பதும் நல்லது. Green சேனலில் எழுத்து மிச்சமிருந்தால் குரூப்பின் மாஸ்க் எங்கோ ஓட்டையாக இருக்கிறது.

திரையில் தெரியாதது தாளில் தெரிவதும் உண்டு. குறிப்பாகப் பளபளப்பான தாளில். பன்னிரண்டுக்குப் பதினெட்டை முழுதாகப் போடும் முன், நெஞ்சுப் பகுதியை மட்டும் அதே அளவில், சுருக்காமல், நாலுக்கு ஆறு தாளில் ஒன்று போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த வீட்டு மகனையே அழைத்து, எதுவும் சொல்லாமல் தாளைக் கையில் கொடுங்கள். எழுத்து எங்கே இருந்தது என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் விரல் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதை மட்டும் திருத்திவிட்டுப் பெரிய தாளுக்குப் போகலாம்.